நீலத் தண்ணி சொன்ன பொய்

பழவேற்காட்டு ஏரிக்கரைத் தோணிரேவில் சூசையம்மாளின் வீட்டுப் பின்கட்டில் காலை நேரத்தில் ஒரு சின்ன ஸ்பிரிட் விளக்கு எரியும். அதன் மேல் மரக் கிடுக்கியில் ஒரு கண்ணாடிக் குழாயைப் பிடித்துக்கொண்டு அவள் குந்தியிருப்பாள். குழாயில் நீல நிறத் தண்ணீர். அதில் எட்டுச் சொட்டு அவள் புருஷன் தேவதாசின் சிறுநீர். தண்ணீர் கொதித்து அடங்கும்வரை அவள் யாரோடும் பேசமாட்டாள். அந்த வழியாகப் போகிறவர்கள் அவளுடைய முகத்தைப் பார்த்தே, தேவதாசுக்கு இன்றைக்கு மீன் குழம்போடு எத்தனை கை சோறு கிடைக்கும் என்று சொல்லிவிடுவார்கள்.

தேவதாசுக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்தது எழுபத்தாறில். அப்போது அவனுக்கு முப்பத்திரண்டு வயது. கடலுக்குப் போய்க்கொண்டிருந்த ஆள், ஒரே மாரிக்காலத்தில் பாதியாய் இளைத்துப்போனான். குடம் குடமாய்த் தண்ணீர் குடித்தான். பொன்னேரியில் டாக்டர் சீனிவாசன் பார்த்துவிட்டு, மாத்திரைக்கெல்லாம் இது அடங்காது, தினமும் இன்சுலின் ஊசிதான் என்றார். தேவதாஸ் கையை நீட்டவே மறுத்தான். புயலில் கட்டுமரம் கவிழ்ந்து ஒரு பகல் முழுக்க மிதந்தவன், ஊசிக்குப் பயந்தான்.

"நீ போடு, போட்டுக்கிறேன். வேற யாரும் என்னைத் தொடக்கூடாது" என்றான் பெண்டாட்டியிடம்.

சூசையம்மாள் அஞ்சாவதுதான் படித்திருந்தாள். டாக்டர் அவளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்கவைக்க வேண்டும். முதல் சிறுநீரை விட்டுவிட்டு, அரைமணி கழித்துப் போவதைப் பிடிக்க வேண்டும். நீலத் தண்ணீர் நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சையானால் கொஞ்சம். மஞ்சள் அதைவிட அதிகம். ஆரஞ்சு இன்னும் அதிகம். செங்கல் நிறத்தில் மண்டி விழுந்தால் உடனே பஸ் ஏறி வந்துவிட வேண்டும். மஞ்சள் மூன்று நாள் விடாமல் வந்தால் ஊசியில் இரண்டு யூனிட் கூட்டலாம். கடைசியாக ஒன்று சொன்னார்.

"அவர் குப்புனு வேர்த்து, கை நடுங்கி, சம்பந்தமில்லாம உளறினா சர்க்கரை ரொம்ப இறங்கிப்போச்சுன்னு அர்த்தம். அப்போ யோசிக்காதீங்கம்மா. வாயில இனிப்பு குடுங்க. மத்தது அப்புறம்."

வீட்டில் கரண்ட் இல்லை. இன்சுலின் புட்டியைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி, ஈர மணல் நிரப்பிய பானைக்குள் சின்னச் சட்டியில் வைத்திருந்தாள். நாளுக்கு இரண்டு தடவை மணலை நனைப்பாள். ஊசி போடும்போது தேவதாஸ் ஏரிப் பக்கம் பார்த்துக்கொண்டு ஏதாவது பேசுவான். பெரும்பாலும் காற்றைப் பற்றி. ஊசி ஏறும் அந்தக் கணத்தில் மட்டும் அவன் பேச்சு ஒரு சொல் தடுமாறும். மறுபடி அதே இடத்திலிருந்து தொடரும். அந்த ஒரு சொல் தடுமாற்றத்துக்காகவே அவனை ரொம்பப் பிடித்திருந்தது என்று பிற்காலத்தில் அவள் சொன்னதுண்டு.

கடலுக்குப் போவதை விட்டுவிட்டு அவன் ஏரியில் படகு தள்ள ஆரம்பித்தான். பழவேற்காட்டுக் கரையிலிருந்து பசியாவரம் தீவுக்கு ஆள் ஏற்றிப் போவது. ஆழம் இடுப்பளவுதான், நீளக் கோலை ஊன்றித் தள்ள வேண்டும். எட்டு வருஷம் அந்த வாழ்க்கை நன்றாகவே ஓடியது. நீலம், பச்சை, எப்போதாவது ஒரு மஞ்சள். பெரும்பாலும் நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவே.

ஜெகபர் அலி குவைத்திலிருந்து லீவில் வந்தது எண்பத்து நாலில், நோன்புப் பெருநாளுக்கு முன்னால். பழவேற்காட்டு மரைக்காயர் குடும்பம். சின்ன வயதில் அவனும் தேவதாசும் ஒரே வகுப்பில் ஒரே பலகையில் உட்கார்ந்தவர்கள். வந்த மறுநாளே சைக்கிளில் தோணிரேவுக்கு வந்துவிட்டான். தேவதாஸ் சிரித்தபோது ஈறில் ரத்தம் கசிவதைப் பார்த்தான். மூக்கு வேறு ஒழுகிக்கொண்டிருந்தது.

"இன்னாடா தேவா, ஈறெல்லாம் இப்டி கீது? உனுக்கு வைட்டமின் சி பத்தல" என்று சொல்லி, சட்டைப் பையிலிருந்து நீளமான அலுமினியக் குழாய் ஒன்றை எடுத்தான். உள்ளே பெரிய பெரிய மாத்திரைகள். ஒன்றைத் தம்ளர் தண்ணீரில் போட்டதும் அது புசுபுசுவென்று நுரைத்து, தண்ணீர் ஆரஞ்சு நிறமானது. தேவதாஸ் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். எட்டு வருஷமாய் அவன் நாக்கில் கலர் சோடா பட்டதில்லை.

சூசையம்மாள் தம்ளரை வாங்கி முகர்ந்தாள். "இதுல சர்க்கரை கீதாண்ணே?"

"இல்ல தங்கச்சி. கேட்டுத்தான் வாங்கினேன். சர்க்கரைக்காரங்க குடிக்கிறதுன்னே கடைக்காரன் தனியா எடுத்துக் குடுத்தான். பத்துக் குழாய் கொண்டாந்திருக்கேன்."

அவன் சொன்னது நிஜம்தான். அதில் சர்க்கரை இல்லை.

அன்றைக்கு இன்னொன்றும் கொடுத்தான். ஒரு சின்ன டப்பா. உள்ளே மெல்லிய பட்டைகள், நுனியில் மஞ்சள் நிறம். சிறுநீரில் நனைத்து எடுத்தால் போதும்; சர்க்கரை இருந்தால் மஞ்சள் பச்சையாகும். கொதிக்கவைக்கத் தேவையில்லை, விளக்கு வேண்டாம். "இனிமே நீ பொகையில குந்தவேணாம்" என்றான்.

அவள் விளக்கை விடவில்லை. முதல் வாரம் குழாயில் பச்சை வந்தது. அப்புறம் மஞ்சள். சூசையம்மாள் மூன்று நாள் பார்த்தாள். மூன்று நாளும் மஞ்சள். ஊசியில் இரண்டு யூனிட் கூட்டினாள். அடுத்த மூன்று நாளும் மஞ்சள். மறுபடி கூட்டினாள். ஜெகபர் கொடுத்த பட்டையையும் நனைத்துப் பார்த்தாள். அது மஞ்சளாகவே இருந்தது, அதாவது சர்க்கரையே இல்லை என்றது. ஒரே சிறுநீர், இரண்டு பதில். உப்புக் காற்றில் பட்டை கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்து டப்பாவை மூடிப் பரணில் வைத்தாள். எட்டு வருஷம் கூட இருந்த நீலத் தண்ணியை விட்டுவிட்டு, நேற்று வந்ததை எப்படி நம்புவது?

அவள் சந்தேகம் வேறு பக்கம் போனது. படகுத் துறைக்கு எதிரே கோதண்டம் டீக்கடை. தேவதாஸ் அங்கேதான் நாள் முழுக்க இருக்கிறான். ஒருநாள் நேராய்க் கடைக்குப் போய்க் கேட்டாள்.

"எங்க ஆளுக்குச் சர்க்கரை போட்டு டீ குடுக்கிறியா?"

கோதண்டம் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான். "எட்டு வருஷமா வெறும் டீதான் குடுக்கிறேன். எம் புள்ள மேல சத்தியம்."

அவள் நம்பவில்லை. ஆண்கள் ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுக்கமாட்டார்கள். அன்று சாயங்காலம் வீட்டில் கேட்டாள்.

"எங்கயா தின்றே?"

"இன்னாத்த?"

"கண்ணாடிக் கொழாய் பொய் சொல்லாது. மஞ்சளா வருது. நீ வெளியில தின்றே."

 "நீ போடற ஊசிக்குக் கையை நீட்டறேனே, அது போதாதா உனுக்கு?" என்று மட்டும் கேட்டான் தேவதாஸ். அன்றிலிருந்து இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ஊசி போடும்போது அவன் காற்றைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ஏரியை மட்டும் பார்த்தான். அவளும் ஊசியை உருவிக்கொண்டு எழுந்துபோனாள்.

அவனுக்குக் காலையில் எழுந்தால் தலைவலி இருந்தது. ராத்திரியில் போர்வை வேர்வையில் நனைந்திருந்தது. சளிதான் வெளியேறுகிறது என்று நினைத்தான். தலைவலிக்குப் பாராசிட்டமால் போட்டுக்கொண்டான். சளிக்கு நுரைக்கும் மாத்திரை. முதலில் நாளுக்கு ஒன்று, இரண்டு. பெண்டாட்டி பேசாத வீட்டில் இருந்த ஒரே இனிமை அந்த ஆரஞ்சுத் தண்ணீர்தான். அது மூன்று, நாலு என்று ஆனது.

நாலாம் முறை ஊசியைக் கூட்டிய மறுநாள், முற்பகலில், படகில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். பசியாவரத்தில் இறால் எடுக்கப் போகிறவளாய் சூசையம்மாளும் கூடையோடு ஏறியிருந்தாள். புருஷனோடு பேசாவிட்டாலும் படகு அதுதானே. ஜெகபர் அலியும் இருந்தான். தீவில் யாரையோ பார்க்க வேண்டுமாம். முன் பக்கம் ஜெயம்மா, பசியாவரத்துக்காரி, கடைச் சாமான் பையோடு.

பாதி ஏரி தாண்டியதும் படகு ஒரு பக்கமாய்த் திரும்பியது. தேவதாஸ் கோலை ஊன்றாமல் தண்ணீரில் இழுத்துக்கொண்டு வந்தான். ஜெயம்மா திரும்பிப் பார்த்து, "இன்னா தேவதாசு, எங்க இட்டுனு போறே?" என்றாள்.

"வலை காயுது. வலையை எடுங்க நைனா" என்றான் அவன். அவனுடைய அப்பா செத்து இருபது வருஷம் ஆகியிருந்தது.

"காலையிலயே ஊத்திக்கினானா?" என்றார் யாரோ.

கோல் கையிலிருந்து நழுவித் தண்ணீரில் விழுந்தது. தேவதாஸ் படகின் விளிம்பில் சரிந்தான். ஜெகபர் பாய்ந்து அவன் இடுப்பைப் பிடித்து உள்ளே இழுத்தான். இன்னொருவர் குதித்துக் கோலை எடுத்தார். தேவதாசின் சட்டை, தலையில் தண்ணீர் கொட்டியதுபோல் நனைந்திருந்தது.

ஜெயம்மா பையிலிருந்து வெல்லக் கட்டியை எடுத்தாள். "மயக்கமா கீறான். கொஞ்சம் கரைச்சு வாயில ஊத்து."

"வேணாம்" என்று சூசையம்மாள் அவள் கையைத் தள்ளினாள். "சர்க்கரை ஏறிப்போய்க் கீது. காலையிலகூட மஞ்சளா வந்துது. வெல்லம் குடுத்தா செத்துருவாரு."

"அந்தப் பட்டையில?" என்றான் ஜெகபர். "அதுல இன்னா வந்துது தங்கச்சி?"

"அது கெட்டுப்போனதுண்ணே. அதுல ஒண்ணுமே வரமாட்டேங்குது."

சொல்லிவிட்டு அவள் புருஷனுடைய கழுத்தைத் தொட்டாள். வெயிலில் கிடந்த உடம்பு, ஐஸில் வைத்த மீன்போல் சில்லென்றிருந்தது. விரல்கள் வெட்டிவெட்டி இழுத்தன. அவனுடைய கண் அவளைப் பார்த்தது, ஆனால் அவளை அடையாளம் தெரிந்துகொள்ளவில்லை. காலையில் பார்த்த மஞ்சள் நிறம் அவள் கண்முன் நின்றது. கூடவே டாக்டரின் குரலும். வேர்த்து, நடுங்கி, உளறினால். யோசிக்காதீங்கம்மா.

எட்டு வருஷம் அவள் கண்ணாடிக் குழாயை நம்பினாள். அந்த நிமிஷம் கையில் இருந்த சில்லிப்பை நம்பினாள்.

"குடுக்கா" என்று வெல்லத்தைப் பிடுங்கினாள்.

ஜெகபர் தண்ணீர் பாட்டிலில் வெல்லத்தைப் பொடித்துப் போட்டுக் குலுக்கினான். தேவதாசைத் தூக்கி உட்காரவைத்து, சூசையம்மாள் மடக்கு மடக்காக ஊற்றினாள். விழுங்குகிறானா என்று தொண்டையைப் பார்த்துப் பார்த்து ஊற்றினாள். படகு யாரும் தள்ளாமல் நடு ஏரியில் நின்றது.  ஜெயம்மா வாய்க்குள் ஏதோ முனகிக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது. இன்னும் கொஞ்ச நேரத்தில் தேவதாஸ் கண்ணை மூடித் திறந்து சுற்றிலும் பார்த்தான். "கோலு எங்க?" என்று கேட்டான். அப்புறம் வாயைச் சப்புக்கொட்டிவிட்டு, சூசையம்மாளைப் பார்த்துச் சொன்னான்:

"வெல்லம் குடுத்தது நீதான். நான் கேக்கல. எல்லாரும் சாட்சி."

ஒரு வாரத்துக்குப் பிறகு அவளிடம் அவன் பேசிய முதல் பேச்சு அது. அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

படகைத் திருப்பிக் கரைக்கு வந்ததும் சூசையம்மாள் வீட்டுக்கு ஓடிப் பரணிலிருந்த பட்டை டப்பாவை எடுத்துவந்தாள்; மூவருமாய்ப் பொன்னேரி பஸ் ஏறினார்கள். டாக்டர் சீனிவாசன் கை நரம்பிலிருந்து ரத்தம் எடுத்துப் பக்கத்து லேபுக்கு அனுப்பினார். பதில் வந்ததும் நெற்றியைச் சுருக்கினார். இவ்வளவு வெல்லம் குடித்த பிறகும் சர்க்கரை சாதாரண அளவுக்குத்தான் வந்திருந்தது. அப்படியென்றால் படகில் எவ்வளவு இறங்கியிருக்க வேண்டும்.

"ஊசி ரொம்ப அதிகமாயிருக்கு. ஏம்மா கூட்டினீங்க?"

அவள் மஞ்சளைப் பற்றிச் சொன்னாள். பட்டையைப் பற்றியும் சொன்னாள். ஒன்று இருக்கிறது என்கிறது, ஒன்று இல்லை என்கிறது.

டாக்டர் தேவதாசைப் பார்த்தார். "புதுசா என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?"

தேவதாஸ் மடியிலிருந்து பாராசிட்டமால் அட்டையை எடுத்து வைத்தான். அப்புறம் சட்டைப் பையிலிருந்து அலுமினியக் குழாயை. டாக்டர் குழாயைத் திருப்பி எழுத்தைப் படித்தார். ஒரு மாத்திரையில் ஆயிரம் மில்லிகிராம் வைட்டமின் சி.

"ஒரு நாளைக்கு எத்தனை?"

"நாலு" என்றான் தேவதாஸ் தரையைப் பார்த்து.

டாக்டர் உள்ளே போய், தன்னிடம் இருந்த நீலத் தண்ணீரை எடுத்துவந்தார். முதலில் அதில் வெறும் குழாய்த் தண்ணீர் எட்டுச் சொட்டு விட்டுக் கொதிக்கவைத்தார். நீலம் மாறவில்லை. பிறகு, மாத்திரை கரைத்த தண்ணீரை விட்டுக் கொதிக்கவைத்தார். பச்சையானது, மஞ்சளானது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே செங்கல் நிறத்தில் மண்டியது. அதில் துளி சர்க்கரை கிடையாது.

சூசையம்மாள் எழுந்து நின்றுவிட்டாள்.

"இந்த நீலத் தண்ணியில செம்பு உப்பு இருக்கும்மா. சர்க்கரை அதை மாத்தும். இந்த வைட்டமினும் அதே மாதிரி மாத்தும். ரெண்டுக்கும் அதுக்கு வித்தியாசம் தெரியாது. உடம்பு தேவைக்கு மேல இருக்கிற வைட்டமினை அப்படியே சிறுநீர்ல தள்ளிடும். அதுதான் உங்களுக்கு மஞ்சளா வந்தது."

அடுத்து, குளுக்கோஸ் பொடியைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, சூசையம்மாள் கொண்டுவந்திருந்த பட்டையை நனைத்தார். மஞ்சள் நுனி பச்சையானது. பட்டை கெடவில்லை. அதே குளுக்கோஸ் தண்ணீரில் மாத்திரைக் கரைசலை ஊற்றி இன்னொரு பட்டையை நனைத்தார். அது பச்சையாகாமல் மஞ்சளாகவே நின்றது.

"அப்போ பட்டையும் பொய்யா?" என்றான் ஜெகபர்.

"அதுல நிறம் வர்றதுக்கு முன்னாடியே வைட்டமின் அதைத் தடுத்துடும். அதனால சர்க்கரை இருந்தாலும் இல்லைன்னு சொல்லும். இந்த ஒரு மாத்திரை ஒன்னை மேல தள்ளுச்சு, ஒன்னைக் கீழ தள்ளுச்சு. இந்தத் தடவை பட்டை சொன்னது நிஜத்துக்குப் பக்கத்துல இருந்தது, அவ்வளவுதான். நாளைக்கே நிஜமா சர்க்கரை ஏறியிருந்தாலும் அது இல்லைன்னுதான் சொல்லியிருக்கும்."

பிறகு பாராசிட்டமால் அட்டையைக் காட்டி, காலைத் தலைவலியும் ராத்திரி வேர்வையும் சளியால் வந்ததில்லை, தூக்கத்தில் சர்க்கரை இறங்கியதால் வந்தது என்றார். மாத்திரை அந்த வலியை மூடி மறைத்துவிட்டது. ஊசியைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜெகபர் அலி ஜன்னலோரம் முகத்தை வெளியே திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மீஞ்சூர்ச் சாலை பிரியும் இடத்தில், "நான் கொண்டாந்து குடுத்ததுல உசிரே போகப் பாத்துதேடா" என்றான்.

"ஒண்ணு போடுன்னுதான் நீ சொன்னே" என்றான் தேவதாஸ். "நாலு போட்டது நான். அந்த ருசிக்கு, உசிரு போனாலும் சரிதான்னு தோணுச்சுரா."

சூசையம்மாள் அதைக் கேட்டாள். சாயங்காலம் அவள் கோதண்டத்தின் கடைக்குப் போய், எல்லோர் முன்னாலும், "நீ சொன்னது நெசம்தான். தப்பா கேட்டுட்டேன்" என்றாள். கோதண்டம் சங்கடப்பட்டு, அவளுக்கு ஒரு டீ போட்டுக் கொடுத்தான். தேவதாசிடம் அப்படி எதுவும் அவள் சொல்லவில்லை. மறுநாள் காலை ஊசியை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, "இன்னிக்குக் காத்து எப்டி கீது?" என்று கேட்டாள். தென்றல்தான், மதியத்துக்கு மேல் திரும்பும் என்று அவன் ஆரம்பித்தான்.

மாத்திரையை நிறுத்திய மூன்றாம் நாள் குழாயில் நீலம் திரும்பி வந்தது. அதைப் பார்த்தும் அவளுக்குப் பழைய நிம்மதி வரவில்லை. நிறத்தோடு கூடவே அவன் நெற்றியையும் தொட்டுப் பார்க்கும் வழக்கம் அதற்குப் பிறகு வந்தது. தேவதாசுக்கு அது பிடித்திருந்தது. காய்ச்சல் இல்லாத நாளிலும் நெற்றியைக் காட்டிக்கொண்டு வந்து நிற்பான்.

ஊரில் சர்க்கரைக்காரர்கள் ஒவ்வொருவராய்க் கூடினார்கள். வயதானவர்கள், ஒரு வாத்தியார், பழவேற்காட்டிலிருந்து கைருன் பீவி என்று ஒரு அம்மா. ஊசி போட்டுக்கொள்ள சூசையம்மாளைத் தேடி வந்தார்கள். வந்தவர்களிடம் அவள் முதலில் கேட்பது, வேறு என்ன மாத்திரை விழுங்குகிறாய் என்பதுதான். தலைவலிக்கு, மூட்டுவலிக்கு, சத்துக்கு என்று எதையும் மறைக்கக்கூடாது. கைருன் பீவி மூட்டுவலிக்குக் கைநிறைய ஆஸ்பிரின் விழுங்குவதாய்ச் சொன்னபோது, அதையும் டாக்டரிடம் கேட்டுவிட்டு வரச் சொன்னாள். அளவு மிஞ்சினால் அதுவும் நிறத்தைக் குழப்பும் என்றுதான் டாக்டர் சொன்னாராம்.

எண்பத்தெட்டில் ஜெகபர் அலி மறுபடி வந்தான். இந்தத் தடவை பேனா மாதிரி ஒரு சின்ன மெஷின். விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் வைத்தால் எண் காட்டும். நிறமே பார்க்க வேண்டாம். அதைக் கையில் வைத்துக்கொண்டு அவன் வாசலிலேயே நின்றான்.

"முதல்ல டாக்டர்ட்ட காட்டலாம் தங்கச்சி. அப்புறம்தான் வீட்டுக்குள்ள கொண்டாருவேன்."

டாக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து சந்தோஷப்பட்டார். நல்ல சாமான் என்றார். ஆனால் இந்த மாதிரி மெஷின் சிலதில் வைட்டமின் சி, பாராசிட்டமால் எல்லாம் ரத்தத்தில் நிறைய இருந்தால் எண் கூடுதலாய்க் காட்டும் என்று சொல்கிறார்கள். அந்த மாத்திரை போட்ட நாளில் எண்ணை மட்டும் நம்பி ஊசியைக் கூட்டாதீர்கள், சந்தேகமென்றால் லேபுக்கு வாருங்கள் என்றார். சூசையம்மாள் தலையாட்டினாள். ஜெகபர், தான் பயந்தது சரிதான் என்பதுபோல் அவளைப் பார்த்தான்.

அந்த மெஷினுக்கான பட்டைகள் இங்கே கிடைக்கவில்லை. கொண்டுவந்தவை தீர்ந்ததும் அது பெட்டிக்குள் போனது. ஸ்பிரிட் விளக்கு மறுபடி எரிந்தது.

அந்த லீவு முடிவதற்கு முந்தின நாள், தேவதாஸ் ஜெகபரைப் படகில் ஏற்றிக்கொண்டான். எங்கும் போவதற்கில்லை, சும்மா. சூசையம்மாள் கரையில் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். படகு வெகுதூரம் போய்விட்டது, உருவங்கள் தெரியவில்லை. தண்ணீர் அசையாத அந்த மாலையில் சிரிப்பு மட்டும் தெளிவாய்க் கேட்டது. இரண்டில் எது யாருடைய சிரிப்பு என்று அவளுக்குத் தெரிந்தது. கையில் கருவாட்டோடு, அது ஓயும்வரை நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.